இப்போ உங்க கடிகாரத்தில் மணி என்ன?

(தமிழில் பைத்தான் நிரலாக்கம் கற்றுத்தரும் எட்டு வார இணைய வகுப்பின் முதல் நேரலை அமர்வு, 2025 அக்டோபர் 4, சனிக்கிழமை. ஆசிரியர் தன்னை அறிமுகம் செய்துகொண்ட பகுதி மட்டும் இங்கே எழுத்து வடிவில். கற்பவர்களின் குரல்களும் பெயர்களும் நீக்கப்பட்டுள்ளன. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

வணக்கம். குரல் கேக்குதா? கேட்டா சாட்டில் ஒரு ஒன்று போடுங்க. சரி, வருது, வருது. போதும், நிறைய ஒன்று வந்தாச்சு.

காலை வணக்கம் சொல்றதா, மாலை வணக்கம் சொல்றதான்னு எனக்குத் தெரியல. வெறும் வணக்கம்னு சொன்னா எந்த நேரத்துக்கும் பொருந்துது, அந்த வசதி தமிழ்ல இருக்கு. இப்போ ஒரு சின்ன வேலை. சாட்டில் உங்க ஊர், உங்க கடிகாரத்தில் இந்த நிமிஷம் மணி என்ன, என்ன கிழமை, இந்த மூணையும் தட்டுங்க. பேர் வேண்டாம், பேர் திரையிலயே தெரியுது.

வாசிக்கிறேன். ரொறன்ரோ, காலை 9:05. டொராண்டோன்னு இன்னொருத்தர், அதே 9:05. ஒரே ஊர்தான், எழுத்துக்கூட்டலை வெச்சே யார் யாழ்ப்பாணம் வழியா கனடா போனவங்க, யார் சென்னை வழியா போனவங்கன்னு ஓரளவு சொல்லிடலாம் போல. லண்டன், மதியம் 2:05. பாரிஸ், 3:05. துபாய், சாயங்காலம் 5:05. யாழ்ப்பாணம், 6:35, நம்ம நேரமேதான். சிங்கப்பூர், இரவு 9:05. கலிபோர்னியா, காலை 6:05. அடேயப்பா, சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு எழுந்து வந்திருக்கீங்க. மெல்போர்ன், இரவு 11:05. இவங்களைப் பத்தி கொஞ்ச நேரத்தில் தனியா பேசணும்.

மொத்தம் நாற்பத்து மூணு பேர். ஆளுக்கு ஒரு நிமிஷம் கொடுத்து அறிமுகம் செஞ்சா முக்கால் மணி நேரம் போயிடும். மெல்போர்ன்காரங்க தூங்கிடுவாங்க. அதனால உங்க அறிமுகம் சாட்டில் வந்ததோட இன்னிக்குப் போதும். என் அறிமுகத்தை மட்டும் வாயால சொல்றேன். என்ன படிச்சேன், எங்கெல்லாம் வேலை பார்த்தேன்ங்கறது வகுப்புப் பக்கத்திலயே இருக்கு. அதைத் திரும்ப வாசிக்கப் போறதில்லை. அடுத்த எட்டு வாரம் என்கூட வேலை செய்ய உங்களுக்குத் தேவைப்படறது வேற. நான் எந்தக் கடிகாரத்தில் வாழறேன், எப்போ பதில் சொல்வேன், எப்படிக் கேட்டா சீக்கிரம் பதில் கிடைக்கும், இதைத்தான் சொல்லப் போறேன்.

நான் மதுரையில் இருக்கேன். பன்னிரண்டு வருஷம் மென்பொருள் வேலை. அதுல ஆறு வருஷம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான ஷிப்ட். சாயங்காலம் ஆறரைக்கு லாகின், விடியற்காலை மூணரைக்கு வீட்டுக்குக் கிளம்பறது. அந்த வேலை பார்த்தவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நவம்பர் முதல் வாரத்தில் திடீர்னு கேப் ஒரு மணி நேரம் தாமதமா வரும். ஆறரை ஷிப்ட் ஏழரை ஆயிடும், வீடு வந்து சேர நாலரை. எங்க தெருவில் எந்தக் கடிகாரத்தையும் யாரும் தொடலை, ஆனா என் தூக்கம் ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும். அங்கே கோடைக்கால நேரம் முடிஞ்சு கடிகாரத்தைப் பின்னால தள்ளியிருப்பாங்க, அவ்வளவுதான். மார்ச்சில் திரும்பவும் ஆறரை ஆகும். அம்மா ஒவ்வொரு தடவையும், "ஏன்டி, உங்க ஆபீஸ்ல ஒரு நேரத்துல நிக்க மாட்டாங்களா?"ன்னு கேப்பாங்க.

வேற ஊர் கடிகாரத்தில் உடம்பை ஓட்டறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால என் வசதிக்கு ஒரு நேரத்தை வெச்சுட்டு, மத்தவங்க பார்த்துக்கட்டும்னு விட எனக்கு மனசு வரல. இந்த வகுப்பு நேரத்தை எப்படி முடிவு பண்ணினேன்னு சொன்னா, நான் எப்படிப்பட்ட ஆள்னு உங்களுக்குப் பாதி தெரிஞ்சிடும்.

இன்னிக்கு இந்திய நேரம் மாலை 6:30க்கு ஆரம்பிச்சோம். உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசியில், மதியம் ஒரு மணி. இந்தியா அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னால. இதே 6:30ஐ எட்டு வாரமும் வெச்சா என்ன ஆகும்னு பார்ப்போம்.

முதல்ல மெல்போர்ன். இன்னிக்கு அங்கே இரவு பதினொண்ணு. கஷ்டம்தான், ஆனா முடியும். நாளைக்கு, அக்டோபர் முதல் ஞாயிறு, அங்கே கோடைக்கால நேரம் தொடங்குது. கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால போகும். அப்போ அடுத்த வாரம் நம்ம 6:30 அவங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டு. நேரம் மட்டும் இல்ல, கிழமையும் மாறிடும். நமக்கு 11ஆம் தேதி சனிக்கிழமை, அவங்களுக்கு 12ஆம் தேதி ஞாயிறு ஆரம்பிக்கிற நொடி. நான் "சனிக்கிழமை இரவு 12 மணி"ன்னு எழுதினா அது எந்த ராத்திரி? வெள்ளி முடிஞ்சு சனி பிறக்கிற 12ஆ, சனி முடியற 12ஆ? இதைப் படிச்சுட்டு ஒருத்தர் ஒரு நாள் முன்னாடியே வந்து வெறும் திரையைப் பார்த்துட்டு உட்கார வாய்ப்பு இருக்கு. அதனால நான் எங்கேயும் 12:00ன்னு எழுத மாட்டேன். பயணச் சீட்டில் போடற மாதிரி 23:59 அல்லது 00:01, கூடவே தேதி.

அடுத்து லண்டன். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு, இந்த வருஷம் 26ஆம் தேதி, கடிகாரம் பின்னால போகுது. 25ஆம் தேதி வரைக்கும் உங்களுக்கு வகுப்பு மதியம் 2 மணி. நவம்பர் 1ஆம் தேதி அது 1 மணி ஆயிடும். பாரிஸும் இதே மாதிரிதான், 3 மணி 2 ஆகும். ஆனா ரொறன்ரோவிலும் அமெரிக்காவிலும் நவம்பர் முதல் ஞாயிறுதான் மாறும், அது 2ஆம் தேதி. அதனால நவம்பர் 1 அன்னிக்கு ரொறன்ரோவுக்கு இன்னும் காலை 9 மணிதான். நவம்பர் 8 முதல்தான் 8 மணி.

அந்த ஒரு வாரம்தான் ரொம்பக் குழப்பம். லண்டனில் இருக்கிற அக்காவும் ரொறன்ரோவில் இருக்கிற தம்பியும் ஒண்ணா வகுப்பில் சேர்ந்திருக்காங்கன்னு வெச்சுக்கங்க. அஞ்சு மணி நேர வித்தியாசம்னு ரெண்டு பேருக்கும் பழகிப் போயிருக்கும். "எனக்கு ரெண்டு மணிடா, உனக்கு ஒன்பது, மறக்காம வா"ன்னு அக்கா ஞாபகப்படுத்துவாங்க. தம்பி 9 மணிக்குச் சரியா வந்துடுவான். அக்கா ரெண்டு மணிக்கு வந்து பார்த்தா வகுப்பு ஒரு மணி நேரம் ஓடி முடிஞ்சிருக்கும். அந்த ஒரு வாரம் மட்டும் வித்தியாசம் நாலு மணி நேரம்.

காலண்டரில் நான் அனுப்பின அழைப்பை ஏத்துக்கிட்டவங்களுக்குப் பிரச்சினை இல்லை. அதுக்குள்ள ஊரோட பேரும் இருக்கிறதால அதுவே மாத்திக்காட்டும். "நமக்கு ரெண்டு மணி வகுப்பு"ன்னு மனப்பாடமா வெச்சிருக்கிறவங்கதான் மாட்டிக்குவாங்க. இலங்கை, இந்தியா, துபாய், சிங்கப்பூர், உங்களுக்கு எதுவுமே மாறாது. நீங்க நிம்மதியா இருங்க.

அதனால நான் எடுத்த முடிவு இது. அடுத்த வாரத்திலிருந்து ஒரே பாடத்தை சனிக்கிழமை ரெண்டு தடவை நடத்தறேன். இந்திய நேரம் காலை 7:30க்கு ஒண்ணு, மாலை 6:30க்கு ஒண்ணு. காலை அமர்வு மெல்போர்னுக்கு மதியம் 1 மணி, சிங்கப்பூருக்கு காலை 10. கலிபோர்னியாவுக்கு அது வெள்ளிக்கிழமை மாலை 7 மணி, கவனிங்க, வெள்ளிக்கிழமை. ரொறன்ரோவுக்கு வெள்ளி இரவு 10. லண்டனுக்கு அது விடியற்காலை 3 மணி, தயவுசெஞ்சு யாரும் அதுக்கு வராதீங்க, நீங்க மாலை அமர்வுக்கு வாங்க. எது உங்களுக்குத் தோதோ அதில் வரலாம், வாரா வாரம் மாத்திக்கவும் செய்யலாம், எங்கிட்ட சொல்லக்கூட வேண்டாம். இன்னிக்கு மட்டும் எல்லாரும் ஒரே அறையில் ஒரு தடவை பார்த்துக்கணும்னு ஆசை, அதான் மெல்போர்னையும் கலிபோர்னியாவையும் சிரமப்படுத்திட்டேன்.

பதிவு பார்த்துக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். பதிவு உண்டு. அமர்வு முடிஞ்ச ரெண்டு மணி நேரத்தில் வீடியோவும், தனியா ஆடியோவும் வரும், டேட்டா குறைவா இருக்கிறவங்களுக்கு ஆடியோவும் நிரலும் போதும். ஆனா பதிவு பாடம் நடத்தற பகுதிக்கு மட்டும்தான். கடைசி அரை மணி நேரம், கேள்வி நேரம், அதைப் பதிவு பண்ண மாட்டேன். சின்னக் கேள்வி, தப்பான கேள்வி, ஏற்கனவே சொன்னதைத் திரும்பக் கேக்கிற கேள்வி எல்லாம் பதிவுப் பட்டன் சிவப்பா எரியும்போது வாயிலிருந்து வராது. அந்த அரை மணி நேரம் நேர்ல வந்தாத்தான் கிடைக்கும். ரெண்டு அமர்வு வெச்சதுக்கு உண்மையான காரணம் அதுதான்.

சரி, இவ்வளவு நேரம் மணியைப் பத்தியே பேசறேனே, பைத்தான் எங்கேன்னு யாரோ நினைக்கிறீங்க. இதோ. திரையைப் பகிர்றேன். தெரியுதா?

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo

t = datetime(2025, 11, 1, 18, 30, tzinfo=ZoneInfo("Asia/Kolkata"))
print(t.astimezone(ZoneInfo("Europe/London")))
```

இது புரியணும்னு இன்னிக்கு அவசியம் இல்லை. தமிழில் வாசிச்சா, நவம்பர் 1, மாலை 6:30, கொல்கத்தா நேரம். அதையே லண்டன் கடிகாரத்தில் காட்டு. ஓட்டறேன். இப்படி வருது:

```
2025-11-01 13:00:00+00:00
```

13:00, மதியம் ஒரு மணி. தேதியை அக்டோபர் 25ன்னு மாத்தி ஓட்டினா 14:00 வரும். எந்த ஞாயிறு கடிகாரம் மாறுதுன்னு நான் நிரலில் எங்கேயும் எழுதல. ஊர்ப் பேரைத்தான் கொடுத்தேன். அந்த ஊர் எப்போ எப்போ கடிகாரத்தை மாத்திச்சு, இனி எப்போ மாத்தும்ங்கற பட்டியல் ஒண்ணு இருக்கு, உங்க போனுக்குள்ளேயும் அதுதான் ஓடுது. `zoneinfo` அதைத்தான் படிக்குது.

சென்னைக்காரங்க, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பட்டியலில் இந்தியாவுக்கு ஒரே பேர்தான், கொல்கத்தா. ஒரு நேரப் பகுதிக்குப் பெரும்பாலும் அங்கே மக்கள்தொகை அதிகமான ஊரோட பேரை வெப்பாங்க. இத்தனைக்கும் 1906இல் இந்தியாவுக்குப் பொது நேரம் வர்றதுக்கு முன்னாடி இந்த நாட்டு ரயில்கள் ஓடினது மெட்ராஸ் நேரத்தில்தான். அது வேற கதை.

ஊர்ப் பேருக்குப் பதிலா நேரா +5:30ன்னு எழுதினா என்னன்னு ஒரு கேள்வி வரும். இந்தியாவுக்கு ஓடும். ஆனா கடிகாரம் அரசாங்கத்தோடது, அது மாத்தலாம். சிங்கப்பூரில் இருக்கிற பெரியவங்க யாராவது உங்க வீட்டில் இருந்தா கேளுங்க, 1981 வரைக்கும் அங்கே யுடிசியை விட ஏழரை மணி நேரம்தான் கூட. 1982 புத்தாண்டிலிருந்துதான் எட்டு. இலங்கையில் 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டை ஒட்டி ஒரே வருஷத்தில் ரெண்டு தடவை மாத்தினாங்க. 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி, மறுபடியும் அஞ்சரைக்கு வந்தாங்க. நடுவில் அந்தப் பத்து வருஷம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடிச்சு. ஒரே தீவில் ரெண்டு நேரம். அந்தக் காலத்தில் வன்னியில் வாழ்ந்தவங்க யாராவது இங்கே இருந்தா, பதிவு நின்னதும் சொல்லுங்க, நான் கேக்கணும்.

இன்னொண்ணு, சுருக்கெழுத்தை நம்பாதீங்க. ஐஎஸ்டின்னா நமக்கு இந்திய நேரம். டப்ளினில் இருக்கிறவருக்கு அதே மூணு எழுத்து ஐரிஷ் நேரம். இஸ்ரேலுக்கும் அதேதான். "6:30 ஐஎஸ்டி"ன்னு போஸ்டர் போட்டா டப்ளின்காரர் அஞ்சரை, நாலரை மணி நேரம் கழிச்சு வருவார். என் அறிவிப்பில் எப்பவும் ஊர் பேர் இருக்கும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நான் உங்க செய்திகளைத் தினமும் ஒரு தடவைதான் பார்ப்பேன். இந்திய நேரம் இரவு 9லிருந்து 10 வரை. பகலில் எனக்கு வேற வேலை இருக்கு, பையனை ஸ்கூலுக்கு அனுப்பணும், அலுவலக வேலை இருக்கு. நாள் முழுக்க ஆன்லைனில் இருக்கேன்னு சொல்லிட்டு பதில் போடாம இருக்கிறதை விட, ஒரு மணி நேரம்னு சொல்லி அந்த ஒரு மணி நேரம் உட்கார்றது மேல்.

இதோட விளைவு என்னன்னு பாருங்க. மெல்போர்ன்காரங்க ஒருத்தர் செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கு, வேலை முடிஞ்சு சாப்பிட்டு வந்து உட்கார்ந்து, நிரல் ஓடலன்னு எனக்கு ஒரு செய்தி போடறாங்க. "அக்கா, வேலை செய்யல." அவ்வளவுதான் செய்தி. எனக்கு அப்போ மதியம் 2:30. நான் இரவு 9க்குப் பார்க்கிறேன். எனக்கு வேற வழி இல்லாம "என்ன பிழை வந்தது?"ன்னு கேக்கிறேன். அவங்க ஊரில் அப்போ புதன் விடியற்காலை 2:30. காலையில் எழுந்து பார்ப்பாங்க, வேலைக்கு ஓடணும், ராத்திரி 8 மணிக்குத்தான் கணினி முன்னால வர முடியும். பதில் போடறாங்க. புதன் இரவு 9க்கு நான் பார்த்து விடை சொல்றேன். அவங்க கண்ணில் படறது வியாழன் காலை. விடை என்னமோ ஒரு வரிதான். அதுக்கு ரெண்டு ராத்திரி போயிடுச்சு. ஒரே ஊரில் இருந்தா ரெண்டு நிமிஷம்.

அதனால கேள்வி கேக்கும்போது மூணு விஷயம் ஒரே செய்தியில் வேணும். நீங்க தட்டின நிரல், எழுத்தா ஒட்டுங்க, திரையைப் போன்ல படம் எடுத்து அனுப்பாதீங்க, படத்திலிருந்து நான் நகல் எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. ரெண்டாவது, என்ன வரும்னு நினைச்சீங்க. மூணாவது, என்ன வந்தது, குறிப்பா பிழைச் செய்தியோட கடைசி வரி.

கடைசி வரி ஏன்னு இப்பவே காட்டறேன். இதே நிரலை நீங்க வீட்டில் ஓட்டும்போது சிலருக்கு ஓடாது. இப்படி வரும்:

```
ZoneInfoNotFoundError: 'No time zone found with key Asia/Kolkata'
```

இன்னும் சிலருக்கு இப்படி வரும்:

```
ZoneInfoNotFoundError: 'No time zone found with key Asia/Chennai'
```

ரெண்டும் ஒரே பிழைப் பேர். காரணம் வேற. ரெண்டாவதில் ஊர்ப் பாசத்தில் சென்னைன்னு தட்டியிருக்காங்க, அப்படி ஒரு பேரே பட்டியலில் இல்லை, கொல்கத்தான்னு மாத்தினா ஓடும். முதலாவதில் பேர் சரிதான். பட்டியலே அந்தக் கணினியில் இல்லை. விண்டோஸில் அது கூடவே வராது. இந்த ஒரு வரியைத் தட்டினா வந்து சேரும்:

```
pip install tzdata
```

"ஜோன் எரர் வருது அக்கா"ன்னு மட்டும் சொன்னா இது ரெண்டில் எதுன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கணும், நீங்க சொல்லணும், ரெண்டு ராத்திரி. கடைசி வரியை அப்படியே ஒட்டினா அன்னிக்கே முடிஞ்சது. இன்னும் நல்லது, பொதுக் குழுவில் கேளுங்க. நான் தூங்கும்போது ரொறன்ரோவில் யாராவது முழிச்சிருப்பாங்க. தனிச் செய்தியில் வர்ற நிரல் கேள்வியை நான் பேரை எடுத்துட்டுக் குழுவில் போட்டுத்தான் பதில் சொல்வேன். தனிப்பட்ட விஷயம்னா மட்டும் தனியா.

வீட்டுப் பயிற்சிக்குக் கெடு உண்டு. ஒவ்வொரு புதன்கிழமையும். யாரோட புதன்? உங்களோடது. உலகத்தில் எங்கேயாவது புதன்கிழமை மிச்சம் இருக்கிற வரைக்கும் அனுப்பலாம். உலகத்திலேயே கடைசியா புதன் முடியற இடம் யுடிசிக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால இருக்கு, அங்கே யாரும் குடியிருக்கல, பசிபிக்கில் ரெண்டு சின்னத் தீவு. ஆய்வு மாநாடுகளில் கட்டுரைக் கெடுவுக்கு இந்தக் கணக்கைத்தான் வைப்பாங்க. அந்தப் புதன் முடியும்போது மதுரையில் வியாழன் மாலை 5:30. அதுக்கு முன்னாடி நான் ஒரு பயிற்சியைக்கூடத் திறக்க மாட்டேன். அதனால கலிபோர்னியாக்காரங்க புதன் ராத்திரி 11 மணிக்கு அனுப்பினாலும் தாமதம் ஆகாது. மதுரைக் கணக்கில் புதன் இரவுன்னு வெச்சிருந்தா, உங்களுக்குப் புதன் காலையிலேயே கெடு முடிஞ்சிருக்கும். அது அநியாயம்.

ஒரு விதிவிலக்கு. 18ஆம் தேதி அமர்வு தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி வருது, 20ஆம் தேதி திங்கள் தீபாவளி. பாதிப் பேர் பஸ்ஸிலயோ கடையிலயோ இருப்பீங்க. வகுப்பு நடக்கும், ஆனா அந்த வாரம் புதுப் பாடம் இல்லை, முதல் ரெண்டு வாரப் பயிற்சியைச் சேர்ந்து சரிபார்க்கிறது மட்டும். வர முடியாதவங்க எதையும் இழக்க மாட்டீங்க.

மொழியைப் பத்தி ஒரு வார்த்தை. நான் மதுரைத் தமிழ்தான் பேசுவேன், வேகமா பேசினா நிறுத்துங்க. கலைச்சொல்லை ரெண்டு விதமாவும் சொல்வேன். வேரியபிள்னும் சொல்வேன், மாறின்னும் சொல்வேன். இலங்கையில் பள்ளியில் படிச்சவங்களுக்கு மாறி பழக்கமா இருக்கும், இங்கே பொறியியல் படிச்சவங்களுக்கு வேரியபிள்தான் வரும். எழுதும்போது எது வேணாலும் எழுதுங்க. நீங்க "கதைக்கேக்க"ன்னு சொன்னா எனக்குப் புரியும், நான் "பேசறப்போ"ன்னு சொன்னா உங்களுக்குப் புரியும். பாரிஸிலும் ஓரிடத்தில் பிறந்து வளர்ந்தவங்க ரெண்டு மூணு பேர் தமிழ் எழுதத் தயக்கம்னு விண்ணப்பத்தில் எழுதியிருந்தீங்க. குரல் செய்தியா அனுப்புங்க. நிரலை மட்டும் எழுத்தா.

என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு சாட்டில் ஒருத்தர் கேட்டிருக்கார். இதுவரைக்கும் மேடம், மிஸ், டீச்சர், அக்கா நாலும் வந்திருக்கு. மிஸ் யாழ்ப்பாணம்னு நினைக்கிறேன், டீச்சர் சிங்கப்பூர். எது வாயில் வருதோ அதுவே போதும். இங்கே அறுபது வயசைத் தாண்டின ஐயா ஒருத்தர் இருக்கார், அவர் என்னை "தங்கச்சி"ன்னு போட்டிருக்கார். அதுவும் சரி.

உங்களை நான் எப்படிக் கூப்பிடறதுங்கறதையும் பார்க்கணும். திரையில் சிலருக்கு அப்பா பேர் முன்னாடி வந்திருக்கு, சிலருக்கு இனிஷியல் மட்டும் தெரியுது, ஒருத்தர் பேர் "ஐபேட்"னு இருக்கு. பேரை மாத்தும் இடத்தில், நான் கூப்பிட வேண்டிய பேரையும் பக்கத்தில் ஊரையும் தமிழில் தட்டுங்க. ஊர் எதுக்குன்னா, நான் கேள்வி கேக்கும்போது உங்களுக்கு அது நடுராத்திரியா விடிகாலையான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நடுராத்திரிக்காரங்களை முதல்ல கூப்பிட்டு முதல்ல அனுப்பிடுவேன்.

கேமரா போடறது உங்க இஷ்டம். பக்கத்தில் குழந்தை தூங்கலாம், வீட்டில் இருட்டா இருக்கலாம், இணைப்பு மெதுவா இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். கேமரா இல்லாதவங்க மாசத்தில் ஒரு தடவையாவது சாட்டில் ஏதாவது போடுங்க, நீங்க உள்ளே இருக்கீங்களா, லிங்க் மட்டும் திறந்திருக்கான்னு எனக்குத் தெரியறதுக்கு.

இந்த வாரப் பயிற்சி, திரையில் இருக்கிற அந்த அஞ்சு வரி. லண்டனை எடுத்துட்டு உங்க ஊர் பேரைப் போடுங்க. நவம்பர் 1, நவம்பர் 8, ரெண்டு தேதிக்கும் ஓட்டி, வர்ற விடையை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கங்க. யாழ்ப்பாணம்காரங்களுக்கு `Asia/Colombo`, துபாய்க்கு `Asia/Dubai`. உங்களுக்கு ரெண்டு தேதியிலும் ஒரே மணிதான் வரும், சலிப்பா இருந்தா மெல்போர்னில் இருக்கிற ஒருத்தருக்குக் கணக்குப் போட்டுக் கொடுங்க, `Australia/Melbourne`. காலை 7:30 அமர்வுக்கும் போட்டுப் பாருங்க, அதில் கலிபோர்னியாவுக்குக் கிழமை எப்படி மாறுதுன்னு தெரியும்.

இப்போ 7:05. பதிவை நிறுத்தறேன். மெல்போர்ன், முதல்ல உங்க கேள்வி, மைக் திறங்க.